ராத்திரி 2 மணி இட்லிக்குக் கண்ணீர் எதற்கு?

24 மணி நேர டிபன் கடைக்குக் கதை மாதிரி ஒரு விளம்பரம் வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே கதைதான் இருக்கிறது. நைட் ஷிப்ட் முடித்த பையன். வயிறு காய்கிறது. ஊரிலிருந்து அம்மா போன் செய்து "சாப்டியாப்பா?" என்று கேட்கிறார். "சாப்ட்டேம்மா" என்று பொய் சொல்கிறான். தெருமுனையில் ஒரு வெளிச்சம். பெரியவர் ஒருவர் தட்டில் இட்லி வைக்கிறார். பையனுக்குக் கண் கலங்குகிறது. கடைசி வரியில் கடையின் பெயர்.

இந்தக் கதையை நான் எழுதித் தருவதில்லை. யாரும் எழுதக்கூடாது என்றே நினைக்கிறேன். இரவில் வேலை செய்கிறவர் தன்னை அநாதையாக நினைத்துக்கொண்டு கடை தேடுவதில்லை. கிடைத்திருக்கும் கொஞ்ச நேரத்துக்குள் சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு இடத்துக்குத் திரும்ப வேண்டும். அவருக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம்: இப்போது போனால் கடை திறந்திருக்குமா, என்ன கிடைக்கும், எவ்வளவு நேரத்தில் கிடைக்கும். கண்ணீர்க் கதையில் இந்த மூன்றுக்கும் பதில் இல்லை. பகலில் வேலை பார்க்கிறவர்கள் அதைப் படித்து லைக் போடுவார்கள். ராத்திரி கடைக்கு வரப்போவது அவர்கள் இல்லையே.

மதுரையில் இதற்கு ஆள் பஞ்சமே கிடையாது. மாட்டுத்தாவணிப் பக்கம் மட்டும் பேருந்து நிலையம், ஆம்னி பஸ்கள், பூ மார்க்கெட், காய்கறி மார்க்கெட் என்று ராத்திரி முழுக்க ஆட்கள் நடமாடிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே ஒரு கடைக்காக எழுதியபோது பெட்ரோல் பங்க்கில் இரவு வேலை பார்க்கிறவரைக் கதைக்கு எடுத்துக்கொண்டேன். காரணம் இருக்கிறது. ஆஸ்பத்திரி நர்ஸ் வார்டை விட்டு நினைத்த நேரத்துக்கு வெளியே வர முடியாது. ஆம்னி பஸ் டிரைவர் தன் பஸ் எங்கே நிற்கிறதோ அங்கேதான் சாப்பிடுவார். பங்க்கில் நிற்பவர், கூட இருப்பவர் பார்த்துக்கொண்டால், வண்டியை எடுத்துக்கொண்டு போய்வர முடியும். கடைக்கு உண்மையாகவே வரக்கூடிய ஆள்தான் கதையில் இருக்க வேண்டும்.

எழுத உட்காரும் முன் முதலாளியைவிட மாஸ்டரிடம்தான் அதிகம் பேச வேண்டும். "24 மணி நேரமும் இட்லி, பொங்கல், பூரி, வடை" என்று முதலாளி சொல்வார். மாஸ்டர் உண்மையைச் சொல்வார். மதுரை வெயிலுக்கு மாவு சீக்கிரம் பொங்கிவிடும். காலையில் அரைத்ததையே ராத்திரி 3 மணி வரை வெளியில் வைத்து ஓட்டினால் இட்லி புளிக்கும். ராத்திரிக்கென்று தனியாக இன்னொரு முறை மாவு தயாராக வேண்டும். தேங்காய்ச் சட்னி சில மணி நேரத்திலேயே கெட ஆரம்பிக்கும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அரைப்பார்கள், அல்லது ராத்திரிக்குத் தக்காளிச் சட்னி, காரச் சட்னி என்று வதக்கி அரைத்ததை வைத்துக்கொள்வார்கள். ஒரு ஈடு வேக 10, 12 நிமிடம் ஆகும். கூட்டம் இல்லாத நேரத்தில் ஈட்டை முன்கூட்டியே வைத்தால் ஆறிப்போகும், வைக்காவிட்டால் வருகிறவர் காத்திருக்க வேண்டும். வடைக்கும் பொங்கலுக்கும் விடியற்காலையில்தான் அடுப்பு. இதையெல்லாம் கேட்ட பிறகு எழுதியது இது. கடையின் பெயரை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறேன்.

"ராத்திரி 2.20. லாரி கொஞ்சம் ஓஞ்சிருக்கு. 'இப்பவே போய்ச் சாப்ட்டு வந்துரு, நான் பாத்துக்கிறேன்'னாரு பங்க்ல கூட நிக்கிற அண்ணன். இருபது நிமிஷம்தான் டைம்.

கடை வாசல்ல சோப்பு போட்டு ரெண்டு தடவை கை கழுவுனான் முருகேசு. அப்பவும் விரல்ல பெட்ரோல் வாசம்.

'மாஸ்டர், என்ன இருக்கு?'

'ஈடு இறங்க அஞ்சு நிமிஷம் ஆகும். கல்தோசைன்னா இப்பவே போட்டுர்றேன்.'

'தோசையே போடுங்க. அண்ணனுக்கு நாலு இட்லி பார்சல்.'

ரெண்டு கல்தோசை, சாம்பார், தக்காளிச் சட்னி. பார்சல் கைக்கு வந்தப்ப மணி 2.34.

'நீங்க எப்ப மாஸ்டர் சாப்டுவீங்க?'

'ஆறு மணிக்கு ஆள் மாறுவாங்கப்பா. அப்புறம்தான்.'

ராத்திரி 11 முதல் 5 வரை இட்லி, கல்தோசை, ஆம்லெட். பொங்கல், வடை காலை 5 மணிக்கு மேல்."

இதற்குக் கீழே கடையின் பெயரும் வழியும்.

முதல் வரியிலேயே நேரம் வருவதற்குக் காரணம், முகநூலில் இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் மடங்கிவிடும் என்பதுதான். அந்தச் சில வரிகளுக்குள் "இது என் நேரம்" என்று படிக்கிறவருக்குத் தோன்ற வேண்டும். "நள்ளிரவு நேரம், ஊரே உறங்கிக்கொண்டிருந்தது" என்று ஆரம்பித்தால் அங்கேயே தாண்டிப் போய்விடுவார். அவருக்குத்தான் ஊர் உறங்கவில்லையே.

ஈடு இறங்க அஞ்சு நிமிடம் ஆகும் என்ற வரியை எடுத்துவிடச் சொன்னார்கள். காத்திருக்க வைக்கும் கடை என்று ஆகிவிடுமாம். எனக்கு அதுதான் விளம்பரத்தின் உயிர் வரி. இட்லி அப்போதுதான் வேகிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. "சுடச்சுட" என்று எல்லோரும் போடுகிறார்கள், யாரும் நம்புவதில்லை. பொங்கல் 5 மணிக்கு மேல்தான் என்று போட்டதற்கும் எதிர்ப்பு வந்தது. 2 மணிக்குப் பொங்கலை நம்பி வந்து ஏமாந்தவர் மறுபடி வரமாட்டார். இரவு வேலைக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் கடை தெரிந்துகொள்கிறார்கள். ஏமாந்த கதையும் அப்படியே பரவும்.

மாஸ்டரின் சாப்பாட்டைப் பற்றிய அந்தக் கேள்வியைச் சும்மா உருக்கத்துக்காகச் சேர்க்கவில்லை. தோசைக்கல் முன் நிற்பவரும் நைட் ஷிப்ட்தான். ஆறு மணிக்கு ஆள் மாறுவார்கள் என்றால், அந்தக் கடையில் முறையாக ஷிப்ட் உண்டு என்று அர்த்தம். இதில் சட்டமும் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் எல்லா நாளும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழக அரசு 2019இல் ஆணை போட்டது, 2022இலும் 2025இலும் அதை மேலும் மூன்று மூன்று ஆண்டுக்கு நீட்டித்தது. வேலை நேர வரம்பு, வார விடுமுறை எல்லாம் அதில் நிபந்தனைகள். ஆகவே நான்கு பேரை வைத்து இரவு பகலாக ஓட்டும் கடைக்கு "24 மணி நேரமும்" என்று எழுதித் தரச் சொன்னால், முதலில் ஆள் கணக்கைக் கேட்பேன். ஒரே மாஸ்டர் பகலும் இரவும் நிற்கிறார் என்றால் அந்த விளம்பரம் எனக்கு வேண்டாம். ரோந்து வந்து 11 மணிக்கு அடைக்கச் சொன்னால் விளம்பரமும் அன்றே பொய்யாகிவிடும்.

வழி சொல்வதில் பலரும் கோட்டை விடுகிறார்கள். "வங்கிக்கு எதிரில், ஜவுளிக்கடைக்குப் பக்கத்தில்" என்பார்கள். ராத்திரி 2 மணிக்கு இரண்டும் இருட்டில் கிடக்கும். அந்த நேரத்தில் எரிகிற விளக்கைத்தான் அடையாளமாகச் சொல்ல வேண்டும்: பங்க், ஏடிஎம், மருந்துக் கடை. நான் எழுதிய கடைக்கு, ஒரு தடவை இரவில் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அந்த வரியைச் சேர்த்தேன்.

பதிவைப் போடும் நேரமும் முக்கியம். காலை 10 மணிக்குப் போட்டால் இரவு வேலைக்காரர் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார். ராத்திரி 9 மணிக்கு மேல், வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் முகநூலிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடச் சொல்கிறேன். கடையின் போனை ராத்திரி 3 மணிக்கு எடுக்க ஓர் ஆள் இருந்தால் மட்டும் நம்பரைச் சேருங்கள்.