கேள்விக்குறியை அனுப்பியது நீங்கள், பழி மட்டும் பட்டன் போனுக்கா?

தமிழில் குறுஞ்செய்தி அனுப்புகிறோம் என்று பெருமையாக அறிவித்துவிட்டு, வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகளை அனுப்பி வைக்கும் நிறுவனங்களிடம் முறையிட்டால், எல்லா இடத்திலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "உங்க போன் பழசு சார், அதுல தமிழ் வராது, வேற போன் மாத்திக்கோங்க." இந்தப் பதிலைச் சொல்பவர் ஒரு முறையாவது அந்தப் போனைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பாரா? பார்த்திருக்க மாட்டார். பழைய போன் வாய் திறந்து மறுக்காது என்பதால், தங்கள் கணினியில் நடந்த பிழையை எழுபது வயதுக்காரரின் சட்டைப்பையில் கிடக்கும் கருவியின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

என் பெரியப்பாவுக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த செய்தியை அப்படியே தருகிறேன்.

```
?????? ???????? 14??? ???? ???? 9.30 ???????. ???? ???????? ??????.
```

இதில் 14 என்ற எண்ணும் 9.30 என்ற நேரமும் பிழைத்துக்கொண்டன. ஆகவே பெரியப்பா 14ஆம் தேதி காலையில் சரியான நேரத்துக்குப் போய் நின்றார், நான்கு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு. மருத்துவமனை எழுதிய செய்தி இது: "தங்கள் பரிசோதனை 14ஆம் தேதி காலை 9.30 மணிக்கு. உணவு உண்ணாமல் வரவும்." எந்த வாக்கியத்துக்காக அந்தச் செய்தியே தேவைப்பட்டதோ, அது முழுவதும் காணாமல் போய்விட்டது. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய சர்க்கரைப் பரிசோதனையை அன்று எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "மெசேஜ்லயே தெளிவா போட்டிருந்தோமே" என்று கடிந்தும் கொண்டார்கள்.

எண்களும் முற்றுப்புள்ளியும் இடைவெளியும் தப்பித்து, தமிழ் எழுத்துகள் மட்டும் ஏன் செத்தன? குறுஞ்செய்தி ஒன்றின் உடலுக்கு 140 பைட் இடம்தான் உண்டு. ஓர் எழுத்துக்கு ஏழு பிட் என்று வைத்தால் அதில் 160 எழுத்துகள் அடங்கும். ஆனால் அந்த ஏழு பிட் பட்டியலில் இருப்பவை 128 இடங்கள் மட்டுமே. ஆங்கிலம், சில ஐரோப்பிய எழுத்துகள், கிரேக்கப் பெரிய எழுத்துகளில் சில, ஜப்பானிய யென் நாணயக் குறி ஆகியவற்றுக்கெல்லாம் அங்கே இடம் இருக்கிறது, தமிழுக்கு இல்லை. நடைமுறையில் தமிழ் போக வேண்டுமானால் ஓர் எழுத்துக்குறிக்கு இரண்டு பைட் எடுத்துக்கொள்ளும் யூனிகோடு முறையில் அனுப்ப வேண்டும். அப்போது ஒரு செய்தியில் 70 குறிகள்தான் அடங்கும். இந்த இரண்டாவது முறை 1990களிலேயே தரவிதியில் சேர்ந்துவிட்டது. ஆகவே, "எஸ்எம்எஸ்ல தமிழ் போகாது சார்" என்று இன்றைக்கும் சொல்பவர்களை என்னவென்று சொல்வது?

தமிழ்ச் செய்தியை ஏழு பிட் முறையில் அனுப்பு என்று கட்டளையிட்டால், பட்டியலில் இல்லாத ஒவ்வொரு குறிக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை மென்பொருள் போட்டுவிடும். அந்தக் கணத்திலேயே தமிழ் அழிந்துவிடுகிறது. "த" இருந்த இடத்திலும் "ம" இருந்த இடத்திலும் ஒரே கேள்விக்குறிதான் பயணம் செய்கிறது என்பதால், வந்து சேர்ந்ததை எந்தச் செயலியாலும், எவ்வளவு விலை உயர்ந்த போனாலும், மீட்டெடுக்க முடியாது. புதுப் போன் வாங்கினால் இதே கேள்விக்குறிகள் இன்னும் பளபளப்பாகத் தெரியும், அவ்வளவுதான்.

பழைய போன்களின் மீது குற்றமே கிடையாது என்று நான் வாதாடவில்லை. தமிழ் எழுத்துரு இல்லாத போன்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. இந்தியாவில் விற்கும் கைப்பேசிகள் 22 அட்டவணை மொழிகளிலும் செய்தியைக் காட்ட வேண்டும் என்ற தரவிதி 2016இல்தான் வந்தது, அதற்கு முன்பு வாங்கிய கருவிகள் ஏராளமான வீடுகளில் நன்றாகவே உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் எழுத்துரு இல்லாத போன் பெரும்பாலும் காட்டுவது காலிக் கட்டங்களை. கட்டம் தெரிந்தால் செய்தி முழுதாக வந்திருக்கிறது, வரையத்தான் போனுக்குத் தெரியவில்லை என்று பொருள். கேள்விக்குறி தெரிந்தால், பெரும்பாலும் வழியிலேயே செய்தி அழிந்துவிட்டது என்று பொருள். தெரியாத எழுத்துக்குத் தானே கேள்விக்குறி போடும் சில கருவிகளும் உண்டு என்பதால்தான் "பெரும்பாலும்" என்கிறேன். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வல்லுநர் யாரும் வேண்டியதில்லை. உங்கள் போனிலிருந்து அந்தப் பழைய போனுக்குத் தமிழில் ஒரு சொல்லைக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "வந்துவிட்டதே" என்று சொல்லக் கூடாது, அது வேறு பாதை. நான் "வரவும்" என்று அனுப்பினேன், பெரியப்பாவின் பட்டன் போன் அதைப் பிசகில்லாமல் காட்டியது. அதே மருத்துவமனைச் செய்தி பக்கத்து வீட்டு அம்மாவின் புத்தம் புது ஸ்மார்ட்போனுக்கும் கேள்விக்குறிகளாகவே வந்திருந்தது. இதற்கு மேலும் அந்தப் பட்டன் போனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டுமா?

இவ்வளவையும் சொன்ன பிறகு, மருத்துவமனையில் "எங்க சிஸ்டத்துல தமிழாத்தான் சார் தெரியுது" என்றார்கள். தெரியத்தான் செய்யும், ஏனென்றால் அவர்கள் பார்த்தது தட்டச்சு செய்த பெட்டியை. பார்க்க வேண்டியது அனுப்பிய செய்திகளின் பதிவேட்டை, அதாவது மொத்தச் செய்தி அனுப்பும் சேவையின் அறிக்கைப் பக்கத்தை. அங்கேயே கேள்விக்குறி இருந்தால், செய்தி பெரும்பாலும் அவர்கள் கட்டடத்தை விட்டு வெளியேறும் முன்பே செத்துவிட்டது. தமிழைத் தாங்காத தரவுத்தள நெடுவரிசையில் சேமித்தால் அப்படி ஆகும். எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில், யூனிகோடைத் தாங்கும் `NVARCHAR` வகை இருக்க வேண்டிய இடத்தில் `VARCHAR` இருப்பதும், தமிழ்ச் சரத்துக்கு முன்னால் `N` போட மறப்பதும் இந்த வகையில் மிகப் பழைய பிழைகள். அறிக்கைப் பக்கத்தில் தமிழ் சரியாக இருந்து போனில் மட்டும் கேள்விக்குறி வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது அனுப்பும் அமைப்பை: செய்தி வகை யூனிகோடு என்று தேர்ந்தெடுக்கப்படாமல் சாதாரண உரை என்றே கிடந்திருக்கும்.

கேள்விக்குறிகளை எண்ணிப் பார்த்தாலும் ஒரு துப்பு கிடைக்கும். "வரவும்" என்பது நமக்கு நான்கு எழுத்து, ஆனால் யூனிகோடு கணக்கில் உகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஆறு குறிகள். பெரியப்பாவுக்கு வந்த செய்தியின் கடைசிச் சொல்லில் சரியாக ஆறு கேள்விக்குறிகள் இருக்கின்றன, ஆகவே ஒரு குறிக்கு ஒன்று என்று மாற்றப்பட்டிருக்கிறது. அதே சொல்லுக்குப் பதினெட்டு வந்திருந்தால், யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒரு தமிழ்க் குறி பிடிக்கும் மூன்று பைட்டுகளையும் யாரோ தனித்தனியே வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பிழை வேறு இடம், திருத்தமும் வேறு.

கட்டணம் என்ற சாக்கும் வரும். யூனிகோடில் 70 குறிகளைத் தாண்டினால் செய்தி, பகுதிக்கு 67 குறிகளாகப் பிரிந்து போகும், ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்டணம். இது உண்மைதான். ஆனால் மேலே தந்த மருத்துவமனைச் செய்தியை இடைவெளி, புள்ளி உட்பட எண்ணிப் பாருங்கள், மொத்தம் 67 குறிகள். அதாவது ஒரே செய்திக்கான கட்டணத்தில், இன்னும் மூன்று குறிகளுக்கு இடம் மிச்சம் வைத்து, தமிழிலேயே போயிருக்கும். முன்னால் "அன்புடையீர்," என்று சேர்த்தால் இரண்டாகிவிடும் என்பது மெய், சேர்க்க வேண்டாம். படிக்க முடியாத செய்திக்குக் கட்டுவதுதான் தண்டச் செலவு.

ஆகவே, வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் கத்துவதில் பயனில்லை, அமைப்பை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. எழுத்தில், போன் திரையின் படத்தோடு, கணினிப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கொடுங்கள். நான் கொடுத்தது இது: "தாங்கள் இன்ன தேதி இன்ன நேரத்தில் அனுப்பிய தமிழ்ச் செய்தி கேள்விக்குறிகளாக வந்தது. இதே போனில் மற்றவர்கள் அனுப்பும் தமிழ்க் குறுஞ்செய்தி சரியாகத் தெரிகிறது. தங்கள் செய்தி வேறொரு புதிய போனுக்கும் கேள்விக்குறியாகவே வந்துள்ளது. அனுப்பிய அறிக்கையில் இச்செய்தி எப்படிப் பதிவாகியுள்ளது என்று பார்க்கவும். அங்கே தமிழ் இருந்தால், செய்தி வகையை யூனிகோடு என்று மாற்றும்படி சேவை வழங்குநரிடம் கூறவும். எஸ்எம்பிபி இணைப்பாயின் கீழுள்ளவாறு அமைக்கவும். அங்கேயே கேள்விக்குறி இருந்தால், தரவுத்தளத்தைச் சரிபார்க்கவும். சரிசெய்யும் வரை முக்கியக் குறிப்புகளைத் தொலைபேசியில் சொல்லவும்."

```
data_coding = 0x08
```

எஸ்எம்பிபி என்பது நிறுவனத்தின் கணினி மொத்தச் செய்திகளைக் குறுஞ்செய்திச் சேவை மையத்திடம் ஒப்படைக்கும் முறை. அதில் இந்த எண் 0 என்று இருந்தால் அது சேவை மையத்தின் இயல்பு எழுத்துப் பட்டியல், 8 என்றால்தான் யூனிகோடு. செய்தியின் உடலையும் அதற்கேற்ப இரண்டு பைட் வடிவத்தில் கொடுக்க வேண்டும். வெறுமனே எண்ணை மட்டும் மாற்றினால் கேள்விக்குறிக்குப் பதிலாக வேறு ஏதோ கிறுக்கல் வரும், பிறகு அதற்கும் பட்டன் போன்தான் காரணம் என்பார்கள்.

அனுப்புபவர் நிறுவனமாக இல்லாமல் உறவினராக இருந்தால், அவருடைய போனின் அமைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கூகுளின் மெசேஜஸ் செயலியில் Use simple characters என்று ஒன்று இருக்கும், அது அணைந்திருக்க வேண்டும். சாம்சங் செயலியில் Input mode என்பது GSM alphabet என்று இருந்தால் Automatic அல்லது Unicode ஆக்க வேண்டும். பெறுபவரின் போனில் உண்மையிலேயே எழுத்துரு இல்லை, கட்டங்கள்தான் தெரிகின்றன என்றால், அப்போது மட்டும் "saappidaamal varavum" என்று ஆங்கில எழுத்தில் அனுப்பச் சொல்லலாம், 160 எழுத்து வரை தாராளமாகப் போகும். என் பெரியப்பாவைப் போல ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்க வராதவர்களுக்கு அதுவும் உதவாது. அவர்களுக்கு முந்தின நாள் மாலையில் ஓர் அழைப்பு விடுங்கள். அந்தப் பழைய போனில் அழைப்பு மிகத் தெளிவாகவே கேட்கிறது.