உட்காரும் எலும்பு வலியும் நீட்டும் பயிற்சியும்

"உட்காரும் எலும்புக்கிட்ட ஆழமா வலிச்சா தொடைப் பின்தசை இறுகியிருக்குன்னு அர்த்தம். தினமும் குனிஞ்சு நல்லா நீட்டுங்க, போயிடும்."

தவறு. அந்த இறுக்க உணர்வு பெரும்பாலும் அந்தத் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் எரிச்சலடைவதால் வருவது. இடுப்பை மடித்துக் குனியும்போது, தசைநாண் எலும்பின்மீது அழுத்தி நசுங்குகிறது. கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனம் செய்யும்போது இதமாகவே இருக்கும். மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்ததும் பிட்டத்தின் அடியில், விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலிக்கும். சைக்கிளில் கைப்பிடியை நோக்கித் தாழக் குனிந்து மிதிப்பவருக்கும் இதே கதைதான்.

சரி, என்ன செய்யலாம்? சில வாரங்களுக்கு ஆழமாகக் குனிவதை நிறுத்துங்கள். மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, இடுப்பைத் தூக்கி 30 முதல் 45 விநாடி நிறுத்துங்கள். 4 அல்லது 5 முறை. 24 மணி நேரத்துக்குள் வலி பழைய அளவுக்குத் திரும்பினால் சுமை சரி. திரும்பாவிட்டால் குறையுங்கள். தசைநாண் மெதுவாகத்தான் தேறும், மாதங்கள் ஆகலாம்.

'டப்' என்ற உணர்வோடு திடீரென வலித்து ரத்தம் கன்றினாலோ, கால் நெடுகக் கீழ்நோக்கி மரத்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.