வட்டியை முதலில் முடித்துவிட்டு உற்பத்திக்கு வர முடியாது, ஐயா

நேற்றைய பொருளாதார நேரலையைப் பார்த்தவர்களுக்கு எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். பெயர் சொல்லப் போவதில்லை. சண்டைக்காகவும் எழுதவில்லை. (அப்படித்தான் ஆரம்பிக்கிறேன், பார்ப்போம்.)

பேச்சு ஐஎஸ்-எல்எம் பற்றி. பண்டச் சந்தைக்கு ஒரு கோடு, பணச் சந்தைக்கு ஒரு கோடு என்று வரைந்து ஒரு நாட்டின் வட்டியையும் உற்பத்தியையும் கண்டுபிடிக்கும் மாதிரி அது. நேரலை நடத்தியவர், "வட்டியைப் பணச் சந்தை முடிவு செய்யும். அது முடிந்ததும் அந்த வட்டியை எடுத்துப் பண்டச் சந்தையில் போடுங்கள், உற்பத்தி வந்துவிடும். ஐஎஸ்-எல்எம் என்றால் இவ்வளவுதான்" என்றார். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. மக்கள் கையில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ள விரும்புவார்கள் என்பது அவர்களுடைய வருமானத்தைப் பொறுத்தது. அப்படியிருக்க, உற்பத்தி எவ்வளவு என்று தெரியாமல் வட்டி எப்படி முடிவாகும்? அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, "இது பாடப்புத்தகக் கேள்வி, நாம் நிஜ உலகத்தைப் பேசுவோம்" என்று சிரித்தார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

சரி, பாடப்புத்தகமாகவே இருக்கட்டும். ஒரு கற்பனை நாட்டை எடுத்துக்கொள்வோம். விலைவாசி மாறவில்லை, வெளிநாட்டு வர்த்தகம் இல்லை. வரி போகக் கையில் நிற்கும் ஒவ்வொரு ரூபாயிலும் மக்கள் முக்கால் பங்கைச் செலவழிக்கிறார்கள். அதுபோக 100 எப்படியும் செலவாகிறது. அரசின் செலவு 200, வரியும் 200. முதலீடு 250, ஆனால் வட்டி ஒவ்வொரு சதவீதம் ஏறும்போதும் அதில் 20 குறையும். இதையெல்லாம் கூட்டிச் சுருக்கினால் பண்டச் சந்தை சொல்வது இது:

Y = 1600 − 80r

Y உற்பத்தி, r வட்டிச் சதவீதம். வட்டி எவ்வளவு என்று சொன்னால்தான் இந்த வரி உற்பத்தியைச் சொல்லும். அடுத்து பணச் சந்தை. உற்பத்தியில் பாதியளவு பணம் அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கு வேண்டும். வட்டி ஒரு சதவீதம் ஏறினால் மக்கள் 40 பணத்தைக் கையிலிருந்து விட்டுக் கடன் பத்திரங்களுக்குப் போய்விடுவார்கள். மைய வங்கி வெளியே விட்டிருக்கும் பணம் 400. எனவே:

0.5Y − 40r = 400

இந்த வரி வட்டியைச் சொல்லும். உற்பத்தி எவ்வளவு என்று நீங்கள் முதலில் சொன்னால். ஒன்று மற்றதன் விடைக்காகக் காத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால் வட்டி 5, உற்பத்தி 1200. வேறெந்த ஜோடியும் இரண்டு சந்தைக்கும் ஒரே நேரத்தில் பொருந்தாது.

இப்போது அரசு செலவை 40 கூட்டுகிறது. நேரலையில் வந்ததும் இதே மாதிரியான உதாரணம்தான். வட்டி மாறாவிட்டால் கூடுதலாகச் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் கை மாறி மாறி உற்பத்தியை 4 ரூபாய் ஏற்றும், அதாவது பெருக்கி 4 என்பதால் உற்பத்தி 160 ஏறி 1360 ஆகும் என்பது அவர் வழி. வட்டிதான் ஏற்கெனவே "முடிவாகிவிட்டதே"! ஆனால் உற்பத்தி 1360 ஆனால் கொடுக்கல் வாங்கலுக்கே 680 பணம் வேண்டும். 5 சதவீத வட்டியில் மொத்தப் பணத் தேவை 480. இருப்பதோ 400. பணம் போதாதவர்கள் பத்திரங்களை விற்கப் பார்ப்பார்கள், எல்லோரும் விற்கப் போனால் பத்திர விலை இறங்கும், பத்திர விலை இறங்குவதும் வட்டி ஏறுவதும் ஒரே விஷயம்.

அவர் முறையையே விடாமல் பிடித்துப் பார்ப்போம். செலவு கூடியதால் பண்டச் சந்தையின் வரி இப்போது Y = 1760 − 80r. உற்பத்தி 1360 என்றால் பணச் சந்தைக்கு வட்டி 7 ஆக வேண்டும். அந்த 7-ஐப் பண்டச் சந்தையில் போட்டால் உற்பத்தி 1200. 1200-க்குப் பணச் சந்தை கேட்கும் வட்டி 5. அந்த 5-க்கு உற்பத்தி மறுபடி 1360. விடிய விடிய போட்டாலும் இதே சுற்றுதான்! இந்த எண்களுக்கு அது ஒருபோதும் நிற்காது. இரண்டையும் ஒன்றாகத் தீர்த்தால் ஒரே நிமிடத்தில் வட்டி 6, உற்பத்தி 1280. நுகர்வு 910, முதலீடு 130, அரசு 240, கூட்டிப் பாருங்கள். பணத் தேவையும் 640-இல் 240 போக 400. ஏற்றம் 80 மட்டும். வட்டி ஒரு சதவீதம் ஏறியதில் தனியார் முதலீட்டில் 20 கழன்றுவிட்டது, அதன் பெருக்கம்தான் மீதி 80-ஐச் சாப்பிட்டது.

எதிர்முகாமில் இருப்பவர்களும் ரொம்பக் குதிக்க வேண்டாம். "அரசு செலவழித்தால் அதே அளவு தனியார் முதலீடு போய்விடும், பலன் பூஜ்யம்" என்று அங்கே ஒருவர் முழங்கினாரே, அதுவும் ஒரு சந்தையை மட்டும் பார்த்த பேச்சுதான். பணத் தேவை வட்டிக்குக் கொஞ்சமும் அசையாது என்றால் மட்டுமே பூஜ்யம் வரும். இங்கே அசைகிறது, அதனால் போனது 40 இல்லை, 20.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். நான் விடைத்தாள் திருத்துகிறவள். இரண்டு கோடு வரைந்து, வெட்டும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, "ஆகவே சமநிலை" என்று எழுதினால் முழு மதிப்பெண். ஒரு வாய்மொழித் தேர்வில், அந்தப் புள்ளியில் இல்லாமல் பண்டச் சந்தைக் கோட்டிலேயே அதற்கு வலப்பக்கம், உற்பத்தி கூடுதலாகவும் வட்டி குறைவாகவும் உள்ள இடத்தில் பொருளாதாரம் நின்றால் யார் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பத்திரம் விற்பார்கள் மேடம்" என்றாள். அவ்வளவுதான், அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்திலிருந்த மூத்தவர் என்னைப் பார்த்து, "இதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லையே" என்றார். அன்றைக்கும் ஒரு சிரிப்பு. இந்தச் சிரிப்பு எனக்குப் பழகியதுதான். ஆனாலும் பழகிப் போகவில்லை.

இனி வரப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். "இன்று எந்த மைய வங்கி பண அளவை நிர்ணயிக்கிறது? வட்டியைத்தானே நிர்ணயிக்கிறார்கள்?" நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. மைய வங்கி 5 சதவீதத்தை விடமாட்டேன் என்று நின்றால் உற்பத்தி 1360 வரைக்கும் போகும். ஆனால் அதற்கு அது பணத்தை 400-லிருந்து 480 ஆக்க வேண்டும். பத்திரம் விற்க வருகிறவர்களிடமிருந்து அதுவே வாங்கிக்கொள்ள வேண்டும். அதாவது பணச் சந்தை எங்கும் போய்விடவில்லை. வட்டிக்குப் பதில் பண அளவு வளைந்து கொடுக்கிறது. 160 என்பது மைய வங்கி எடுத்த ஒரு முடிவின் பலன். அதை இயற்கை விதி மாதிரிச் சொன்னால் எப்படி? 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரீகன் அரசு வரியைக் குறைத்தது. வோல்க்கர் தலைமையில் மைய வங்கி பணத்தை இறுக்கியது. பெருக்கியை மட்டும் வைத்துப் பார்த்தவர் ஏற்றத்தை எதிர்பார்த்திருப்பார். வந்தது 1981-82 மந்தம். வட்டி உச்சத்தில், உற்பத்தி கீழே. செலவு கூடி ஏறிய வட்டியாக இருந்திருந்தால் உற்பத்தியும் கூடவே ஏறியிருக்கும். வட்டியை மட்டும் பார்த்து எந்தச் சந்தை அசைந்தது என்று சொல்லவே முடியாது.

"விலைவாசி மாறாது என்று வைத்துக்கொண்டது அபத்தம்" என்பார்கள். குறுகிய காலத்துக்கான மாதிரி. அடுத்தது.

அப்புறம் அந்தப் பிரம்மாஸ்திரம்: "1937-இல் இதை வரைந்த ஹிக்ஸே பிற்காலத்தில் இதைச் சந்தேகித்தார்." ஆமாம், சந்தேகித்தார். ஒரு கோடு ஒரு காலப்பகுதியில் ஓடும் செலவைப் பற்றியது, மற்றது ஒரு கணத்தில் கையிருக்கும் பணத்தைப் பற்றியது. இரண்டையும் ஒரே படத்தில் வைப்பது சரியா, மக்களின் எதிர்பார்ப்புகளை எங்கே வைப்பது என்று கேட்டார். அது பெரிய கேள்வி. ஆனால் அவர் எந்த இடத்திலும் "முதலில் வட்டியை முடி, பிறகு உற்பத்திக்கு வா" என்று சொல்லவில்லை. அவர் பெயரைத் தூக்கி என் தலையில் போடுகிறவர்கள் அவர் எழுதியதை ஒருமுறை படித்துவிட்டுப் போடட்டும்.

உண்மையைச் சொன்னால் சிரிப்புகூடப் பரவாயில்லை. நான் கேட்டதற்கு அரை நிமிடம் பதில் சொல்லிவிட்டுச் சிரித்திருக்கலாம். நேரலையின் இரண்டாம் பகுதி வரப்போகிறதாம். அதே கேள்வியை மறுபடி அனுப்பியிருக்கிறேன், இந்த முறை எண்களோடு. 1280 தவறு என்றால் மேலே எந்த வரி தவறு என்று இங்கேயே காட்டலாம், கருத்துப் பெட்டி திறந்திருக்கிறது. பொம்மை மட்டும் போடுகிறவர்களை நீக்கிவிடுவேன்.