rm-க்கு அலியாஸ் போடச் சொன்ன பெரியவர்களுக்கு

முந்தாநாள் ராத்திரி நம் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்தீர்கள், முழுக்கத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரு பையன், ஃபைல்களை அழிக்கும் rm கட்டளையைத் தப்பாக அடித்து, தன் ப்ராஜெக்டை அழித்துவிட்டு, திரும்ப எடுக்க வழி இருக்கிறதா என்று கேட்டான். வழி சொன்னவர்கள் நாலு பேர். மீதிப் பேர் சிரிப்பு ஸ்மைலி. அவற்றுக்கு நடுவே, rm என்று அடித்தாலே ஒவ்வொரு ஃபைலுக்கும் "அழிக்கட்டுமா" என்று கேட்கும் rm -i ஓடும்படி வைக்கச் சொல்லி, ஒரே அறிவுரை பத்து தடவை: "rm -i என்று அலியாஸ் போட்டிருந்தால் தப்பித்திருப்பாய் தம்பி."

தப்பித்திருக்க மாட்டான். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அவன் அடித்தது இது:

```
rm -rf build *
```

build-debug, build-release என்று build-ல் தொடங்கும் ஃபோல்டர்களை அழிக்க நினைத்தவன், build-க்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் ஒரு ஸ்பேஸ் விட்டுவிட்டான். அந்த நட்சத்திரத்தை rm பார்ப்பதே இல்லை. அதற்கு முன்பே, நாம் அடிப்பதை வாங்கி ஓட்டும் ஷெல் அதை விரித்து, ஃபோல்டரில் உள்ள எல்லாப் பெயர்களையும் வரிசையாக எழுதிக் கொடுத்துவிடும். சரி, இப்போது பெரியவர்கள் சொன்ன அலியாஸ் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஓடியிருக்கும் கட்டளை:

```
rm -i -rf build *
```

-i கேள்வி கேட்கச் சொல்கிறது, -f கேட்காதே என்கிறது. இரண்டும் இருந்தால் பின்னால் வருவதே செல்லும். அலியாஸ் போட்ட -i எப்போதும் முன்னால்தான் வரும். ஆகவே ஒரு கேள்வியும் வராது. காவலுக்கு ஆள் போட்டு, "யார் வந்தாலும் விடு" என்ற சீட்டையும் திருடன் கையில் கொடுத்த கதை. பத்து தடவை அறிவுரை சொன்னவர்களில் ஒருவராவது வேண்டாத ஃபைல்கள் உள்ள ஒரு ஃபோல்டரில் இதை அடித்துப் பார்த்திருக்கலாம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், அந்த அலியாஸ் என்னையே ஒரு தடவை கவிழ்த்திருக்கிறது. முதல் வேலையில் எனக்குக் கொடுத்தது சென்ட்ஓஎஸ் மெஷின், எல்லா வேலையும் ரூட்டில்தான். அதில் ரூட்டின் .bashrc-யிலேயே rm -i அலியாஸ் இருக்கும். அது அலியாஸ் என்றே எனக்குத் தெரியாது, rm-இன் சுபாவமே அதுதான் என்று நினைத்திருந்தேன். அதனால் ஒரு பழக்கம் வந்தது. `rm *` என்று அடிப்பேன், ஒவ்வொரு ஃபைலாகக் கேட்கும், வேண்டாததற்கு y, வேண்டியதற்கு n. அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி சௌகரியமாக இருந்தது. ஒருநாள் வாடிக்கையாளர் சர்வரில், சாதாரண யூசராக, ரிப்போர்ட் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு அதே `rm *`. கேள்வி வரவில்லை. அடுத்த வரியில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. ls அடித்தேன், ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை அடித்தேன், முதல் தடவை சரியாக அடிக்கவில்லையோ என்று. மேலதிகாரியிடம் போய்ச் சொன்னபோது அவர் கத்தவில்லை. "ஓ" என்றார். அந்த "ஓ" இன்றைக்கும் காதில் இருக்கிறது.

rm என்ற பெயரின் மேல் பாதுகாப்பைக் கட்டாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். அலியாஸ் உங்கள் ஷெல்லில் மட்டும் வாழ்வது. `sudo rm` என்றால் அது வேலை செய்யாது, ஸ்கிரிப்ட்டுக்குள் வேலை செய்யாது, அடுத்தவர் மெஷினில் அது இல்லவே இல்லை. விரல் மட்டும் எல்லா இடத்துக்கும் கூடவே வரும்.

அப்போது என்னதான் செய்வது? குப்பைத்தொட்டி வையுங்கள், அதற்கு வேறு பெயர் வையுங்கள். உபுண்டு, டெபியனில் trash-cli என்ற பேக்கேஜ் இருக்கிறது. `trash-put` என்று அடித்தால் ஃபைல் அழியாது, ~/.local/share/Trash-க்குள் போகும். எங்கிருந்து வந்தது, எப்போது போட்டோம் என்ற குறிப்பும் பக்கத்திலேயே பதிவாகும். அழித்த இடத்தில் நின்று `trash-restore` என்றால் எண் போட்டுப் பட்டியல் காட்டும், எண்ணைக் கொடுத்தால் பழைய இடத்துக்கே வந்துவிடும். தொட்டியில் கிடக்கும்வரை டிஸ்கில் இடம் காலியாகாது. அதற்கு நான் மாதம் ஒருமுறை `trash-empty 30` அடிக்கிறேன், தொட்டிக்கு வந்து முப்பது நாளுக்கு மேல் ஆனது மட்டும் போகும்.

"அப்போ rm-ஐயே trash-put ஆக்கிவிடலாமே" என்று உடனே ஒருவர் வருவார். ஐயா, அதைச் செய்யாதீர்கள் என்று அந்தக் கருவியை எழுதியவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். rm என்றால் திரும்ப எடுக்கலாம் என்று விரல் பழகிவிட்டால், தொட்டி இல்லாத சர்வரில் அதே விரல் என்ன செய்யும்? மேலே போய் என் ரிப்போர்ட் கதையை இன்னொரு தடவை படியுங்கள்.

"நிதானமாக இருந்தாலே போதும்" என்பவர்களுக்கு: 2017 ஜனவரி 31 ராத்திரி கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் ஒரு டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்தார். அழிக்க வேண்டிய சர்வர் வேறு, அவர் இருந்த சர்வர் வேறு. ஒன்றிரண்டு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பா? எடுத்து வைக்க ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்களே பகிரங்கமாக எழுதினார்கள். அந்த இன்ஜினியர் அக்கறையில்லாதவர் என்று சொல்லுங்கள் பார்க்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு நிதானம் எங்கே கிடைக்கும், கடையிலா?

"சர்வரில் பெரிய லாக் அழிக்கும்போது தொட்டி எதற்கு" என்பது மட்டும் நியாயமான கேள்வி. அங்கே rm-தான். ஆனால் f வேண்டாம். f எப்படி விரலில் ஒட்டிக்கொண்டது தெரியுமா? .git-க்குள் இருக்கும் ஆப்ஜெக்ட் ஃபைல்கள் எழுத அனுமதி இல்லாதவை, `rm -r` ஒவ்வொன்றுக்கும் நச்சரிக்கும். அந்த எரிச்சலில் பழகிய f, கடைசியில் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. லினக்ஸ் மெஷினில் `rm -rI` என்று பெரிய I போட்டு அடியுங்கள். எழுத அனுமதி உள்ள ஃபைல்கள் என்றால் ஒரே ஒரு கேள்விதான் வரும்:

```
rm: remove 42 arguments recursively?
```

இரண்டு ஃபோல்டரை அழிக்க வந்தவன் கண்ணில் 42 பட்டால் கை தானாக நின்றுவிடும். இதையும் அலியாஸில் ஒளிக்காதீர்கள், கையால் அடியுங்கள். அலியாஸுக்குள் வைத்தால் பின்னால் வரும் ஓர் f இதையும் தின்றுவிடும்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். சிரித்த யாரும் சொல்லாத ஒன்று: பேஷில் நட்சத்திரம் புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தொடாது. .git அப்படியே இருந்தது, .env-உம் இருந்தது. `git restore .` என்று ஒரே வரி, கமிட் செய்ததோடு, `git add` மட்டும் செய்து வைத்திருந்ததும் வந்துவிட்டது. add கூடச் செய்யாத இரண்டு நாள் வேலை மட்டும் போயே போய்விட்டது. இதை அவனிடம் சொல்ல இன்பாக்ஸுக்குப் போனால், அதற்குள் பதிவையே அழித்திருந்தான். "விடுங்கண்ணா, அசிங்கமா இருக்கு" என்றான்.

கேள்வி கேட்டவனுக்கு அசிங்கம். வேலை செய்யாத அலியாஸைப் பத்து தடவை சொன்னவர்களுக்கு நூற்றுக்கணக்கில் லைக்.

அவர்களில் இரண்டு பேர் நேற்று மெதுவாக இன்பாக்ஸில் வந்து, "நீங்க என்ன அலியாஸ் வெச்சிருக்கீங்க" என்று கேட்டார்கள். சிரிப்பு ஸ்மைலி போடாமல் தருகிறேன்:

```
alias tp='trash-put'
```