அசைந்தால் நலம் என்று முடிவுகட்டும் கடிகாரம்

"அப்பா விழுந்தால் அடுத்த நொடியே உங்களுக்குத் தகவல் வந்துவிடும்" என்று கூசாமல் சொல்லி ஸ்மார்ட்வாட்ச் விற்கும் கடைக்காரர்களையும், அதை வாங்கி ஊரிலிருக்கும் பெற்றோர் கையில் கட்டிவிட்டுக் கவலை தீர்ந்ததென்று திரும்பிப் போகும் பிள்ளைகளையும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடுத்த நொடியாம்! அந்தத் தகவல் எந்த வரிசையில், எந்த நிபந்தனையின்பேரில் புறப்படுகிறது என்று இவர்களில் ஒருவராவது படித்துப் பார்த்திருப்பார்களா?

2018-இல் இந்த வசதியோடு வந்த ஆப்பிள் வாட்சையே எடுத்துக்கொள்வோம். பலத்த வீழ்ச்சி என்று அது கருதினால் மணிக்கட்டைத் தட்டி, ஒலியெழுப்பி, திரையில் நலமா என்று கேட்கும். அணிந்திருப்பவர் ஏறத்தாழ ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால் மட்டுமே, மீண்டும் எச்சரித்துவிட்டு, அவசர உதவி எண்ணைத் தானாக அழைக்கும். அந்த அழைப்பு முடிந்த பிறகுதான் குடும்பத்தாருக்கு இருப்பிடத்தோடு ஒரு குறுஞ்செய்தி போகும். அதாவது அடுத்த தெருவில் இருக்கும் மகளுக்குத்தான் செய்தி கடைசியாக வந்து சேர்கிறது.

இதைவிடக் கொடுமை, அசைவு தென்பட்டால் அது தானாக யாரையும் அழைக்காது என்பது; திரையைத் தொடும்வரை காத்திருக்கும். சமையலறை வாசற்படியில் கால் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். அவர் வலியில் புரளுவார், சுவரைத் தடவுவார், கையூன்றி எழ முயன்று மறுபடியும் சாய்வார். மூக்குக்கண்ணாடி எங்கோ தெறித்திருக்கும். திரையில் வந்திருப்பது எழுத்தா படமா என்றுகூட அவருக்குத் தெரியாது. நினைவு தப்பிக் கிடந்தால் உதவி கேட்டு அழைப்பு போகும். உயிர்வலியில் துடித்தால், நகர்கிறாரே, நலமாகத்தான் இருக்கிறார் என்று கடிகாரம் வாளாவிருக்கும். தேவையற்ற அழைப்புகளைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் காவல் நிலையத்தையும் பெற்ற பிள்ளையையும் ஒரே கணக்கில் ஏன் வைக்க வேண்டும்? பொய்யாக ஒரு குறுஞ்செய்தி வந்தால் பிள்ளைக்கு என்ன குடிமுழுகிவிடும்?

அந்த "பலத்த வீழ்ச்சி" என்பதும் லேசாகக் கிடைக்கிற பட்டமல்ல. உடல் சட்டென்று சரிவதையும் தரையில் மோதும் அதிர்ச்சியையும் முடுக்கமானியும் சுழல்மானியும் சேர்ந்து அளந்துதான் வீழ்ச்சியென்று கண்டுகொள்கின்றன. முதியவர்கள் எல்லாரும் அப்படித் தடாலென்றா விழுகிறார்கள்? தலைசுற்றி, கதவைப் பிடித்துக்கொண்டே மெல்லச் சறுக்கி உட்காருவார்கள். கட்டிலின் விளிம்பிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டு, எழமுடியாமல் விடியும்வரை கிடப்பார்கள். இத்தகைய மென்மையான சரிவு கணக்கில் வராமலே போகக்கூடும். எல்லா வீழ்ச்சிகளையும் கண்டறிய இயலாது என்று நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. கடையில் அதை யார் வாய்விட்டுச் சொல்கிறார்கள்?

சரி, அழைப்பு போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். பலத்த வீழ்ச்சி நேர்ந்ததென்று பதிவுசெய்த குரல் ஒன்று அறிவித்துவிட்டு, இருக்குமிடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக ஒப்பிக்கும். நம் ஊரில் பிள்ளையார் கோயிலை ஒட்டிய சந்தில் மூன்றாவது வீடு என்று சொன்னாலே ஆம்புலன்ஸ் ஓட்டுநர் இருமுறை திரும்பக் கேட்பார்; இந்த எண்களை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? குடும்பத்துக்கு வரும் குறுஞ்செய்தியோ, இரவில் சைலன்ட்டில் போட்ட கைப்பேசியில் ஓசையில்லாமல் வந்து விழும். ஐபோனாக இருந்தால், அம்மாவின் தொடர்பைத் திறந்து, Text Tone பகுதியில் Emergency Bypass என்பதை இயக்கி வைத்தால் சைலன்ட்டிலும் ஒலிக்கும். இந்த ஒரு வரியைச் சொல்லிக் கொடுத்து விற்ற கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வயதுக் கூத்து வேறு இருக்கிறது. கைப்பேசியில் பதிந்த பிறந்த தேதிப்படி 55 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தால்தான் இந்த வசதி தானாக முழுநேரமும் இயங்கும். அவசரத்தில் மகன் தன் கணக்கிலேயே, தன் பிறந்த தேதியோடு கடிகாரத்தை இணைத்துக் கொடுத்துவிட்டுப் போனால், கடிகாரத்தின் கணக்கில் எழுபது வயது அப்பாவும் முப்பத்திரண்டு வயது இளைஞர்தான். Fall Detection பகுதிக்குள் போய் எப்போதும் இயங்கும்படி மாற்றாவிட்டால், உடற்பயிற்சி நேரத்தில் மட்டும் விழித்திருக்கும் நிலையிலேயே அது நின்றுவிடக்கூடும். Wrist Detection அணைந்திருந்தால், வீழ்ச்சியைக் கண்டுகொண்டாலும் கடிகாரம் அவசர உதவி எண்ணைத் தானாக அழைக்காது. கடிகாரம் கையில்தான் இருக்கிறது என்பதை அறிய அது வேண்டும். குளிக்கப் போகும்போது கழற்றி வைப்பதையும், இரவு முழுவதும் சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்குவதையும் பற்றி நான் தனியாகத் திட்ட வேண்டுமா? பகலில், அப்பா நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கும் நேரத்தில் சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

நிறுவனத்திடம் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. மணிக்கட்டைத் தட்டி ஒரு நிமிடம் கழிந்தும் திரையைத் தொடவில்லையென்றால், அசைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதலில் குடும்பத்தாரின் கைப்பேசியை அலறவிடுங்கள். அவசர உதவி எண்ணை அழைப்பதற்கு உங்கள் நிபந்தனைகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.