குக்கீக்குள் பாஸ்வேர்ட் இருக்கிறதா?

"லாகின் செய்தால் நம் பாஸ்வேர்டும் கார்டு எண்ணும் குக்கீயில் பதிவாகிவிடும். அதனால்தான் தளம் நம்மை மறப்பதில்லை!"

தவறு. குக்கீ என்பது தளம் நம் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு. ஒழுங்காகக் கட்டிய தளத்தில் லாகின் முடிந்ததும் சர்வர் அனுப்புவது இவ்வளவுதான்:

```
Set-Cookie: sid=k7Qe92xR; HttpOnly; Secure
```

`sid` வெறும் குருட்டாம்போக்கு எண், நிஜத்தில் இன்னும் நீளமானது. கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் மாதிரி. செருப்பு இருப்பது அலமாரியில். அதேபோல், ஷாப்பிங் தளத்தில் நாம் கூடையில் போட்ட இரண்டு சேலைகளும் பெரும்பாலும் சர்வரின் பதிவேட்டில். ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் பிரவுசர் அந்த டோக்கனை நீட்டும், சர்வர் அடையாளம் கண்டுகொள்ளும்.

சரி, ஆபத்தே இல்லையா? இருக்கிறது. டோக்கனைத் திருடியவர் பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே வரலாம். அதனால் பொதுக் கணினியில் ஜன்னலை மூடினால் மட்டும் போதாது. கட்டாயம் லாக்அவுட் செய்யுங்கள். ஒழுங்கான தளத்தில் அப்போதே சர்வர் அந்த எண்ணைச் செல்லாததாக்கிவிடும்.