ரேப்பரை விடுங்க, பேட்டரியோட அடியைத் திருப்பிப் பாருங்க

கொள்ளளவு 4600 எம்ஏஎச்னு ரேப்பர்ல போட்டு விக்கற அந்த ரீசார்ஜபிள் டபுள் ஏ பேட்டரி அசலா போலியாங்கற விவகாரத்துல இன்னமும் "பிரிண்ட் நல்லா இருக்கே, போலியா இருக்காது"ன்னு பேசிட்டு இருக்கீங்க. படிக்கவே கஷ்டமா இருக்கு. பிரிண்ட் யார் வேணும்னாலும் அடிக்கலாம். எழுத்துப் பிழை, மங்கின கோடு, ஏறுமாறா ஒட்டின ஓரம் எல்லாம் இருந்தா சந்தேகப்படுங்க, சரி. ஆனா அது எதுவும் இல்லேன்னா அசல்னு எப்படி முடிவு பண்றீங்க?

திரும்பத் திரும்பச் சொல்றேன், அடியைப் பாருங்க. ரீசார்ஜ் ஆகற நிக்கல் செல்லுல வெளி டப்பாதான் மைனஸ். அதனால அடிப்பக்கம் டப்பாவோட ஒரே தகடா, தட்டையா இருக்கும். மூடி வச்சு ஓரத்தை மடிச்ச இடம் ப்ளஸ் குமிழ் பக்கம், அந்த வெள்ளை வளையத்துக்கு அடியில இருக்கும். ஆல்கலைன் செல்லுல நேர் தலைகீழ். டப்பா ப்ளஸ், மடிப்பு அடியில. மைனஸ் தகடு தனியா உள்ளே பதிஞ்சு, சுத்தி ஒரு பள்ளம் தெரியும். சாதா ஜிங்க் செல்லுல பொதுவா ரெண்டு முனையிலும் தனித்தனித் தகடு.

"ரீசார்ஜபிள்"னு போட்ட செல்லோட அடியில அந்தப் பள்ளம் இருந்தா அதை சார்ஜர்ல போடாதீங்க. உள்ளே வாயு அழுத்தம் ஏறி, காரம் கசிஞ்சு சார்ஜரே அரிச்சுப் போகும்.

"ரேப்பர் மாத்த முடியும்னா மடிப்பையும் மாத்த முடியாதா?"ன்னு கேட்பீங்க. மடிப்பு எந்தப் பக்கம்ங்கறது அலங்காரம் இல்ல, எந்த மின்முனை டப்பாவைத் தொடுதுங்கறதோட விளைவு. வெறும் ஒப்பனைக்காக யாரும் அதை மாத்த மாட்டாங்க. ரீசார்ஜ் ஆகற ஆல்கலைன்னு அபூர்வமா ஒரு வகை இருக்கு, அதுக்குத் தனி சார்ஜர் வேணும். அதைக் காட்டி இதை மறுக்காதீங்க.

மடிப்பு சரியான பக்கம் இருந்தாலும் அந்த 4600 பொய்தான். நிக்கல் டபுள் ஏல நல்ல தயாரிப்பே 2000லேர்ந்து 2700 வரைக்கும்தான். அந்த அளவு உள்ள செல் 26லேர்ந்து 31 கிராம் இருக்கும். நிறுத்துப் பாருங்க. 17 கிராம்னா உள்ளே சரக்கே இல்ல. முழுசா சார்ஜ் பண்ணி 200 மில்லிஆம்பியர்ல 1 வோல்ட் வரைக்கும் இறக்குங்க. 2000 எம்ஏஎச் செல் 10 மணி நேரம் தாங்கணும். 3 மணி நேரத்துல இறங்கிட்டா அது 600.

"கொஞ்சம் கூட்டிப் போடறது எல்லாரும் செய்யறதுதானே"ன்னு ஒருத்தர் சமாதானம் சொன்னாரு. 600ஐ 4600ன்னு போடறது கூட்டிப் போடறதா? அப்புறம் 1.5 வோல்ட் லித்தியம் டபுள் ஏல "3000"னு பெருசா போட்டு, பக்கத்துல சின்னதா எம்டபிள்யூஎச்னு, அதாவது மில்லிவாட் அவர்னு எழுதியிருப்பாங்க. அந்த 3000ஐ வோல்ட்டேஜ் 1.5ஆல வகுங்க, 2000 எம்ஏஎச். அதைப் பொய்னு நான் சொல்லல, அலகைப் படிச்சுட்டு வாங்குங்கன்னுதான் சொல்றேன்.